கயலின் முப்பது வாரங்கள்: வாசிக்கத் திணறும் குழந்தைக்கு ஒரு திட்டம் எழுதுவது எப்படி

நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று "க, கா, கி, கீ" என்று தொடங்கி "கௌ" வரை பிசகாமல் சொல்லிவிடுகிறது. அடுத்து "ங" வரிசை, "ச" வரிசை. எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் படிக்க மாட்டேன் என்கிறது என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். அதே எழுத்துகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, கலைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினால் வேறு உண்மை தெரியவரும். "கெ" என்ற சீட்டைக் குழந்தை "கே" என்கிறது. "தொ" என்பதற்கு வெகுநேரம் விழிக்கிறது. "மூ" என்பதை "மு" என்று சொல்லிவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. வரிசையாகச் சொன்னபோது வேலை செய்தது பாட்டைப் போல மனப்பாடமான ஓசை. எழுத்தைக் கண்டதும் ஒலி எழும் இணைப்பு இன்னும் உருவாகவில்லை.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து, எண்ணி, தாளில் எழுதி, அதைச் சரிசெய்ய யார் எந்த நாளில் என்ன செய்வார்கள் என்று ஒப்புக்கொள்ளும் ஆவணத்துக்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பெயர். சிறப்பாசிரியர்கள் சுருக்கமாக ஐ.இ.பி. என்பார்கள். இதைப் பலரும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய இன்னொரு படிவமாகவே பார்க்கிறார்கள். இந்த அத்தியாயம் அதை ஓர் அறிவியல் சோதனையாகப் பார்க்கச் சொல்கிறது. இந்தக் குழந்தை வாசிக்க முடியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். இதைச் செய்தால் இத்தனை வாரத்தில் இந்த அளவு மாறும் என்று எதிர்பார்க்கிறோம். மாறவில்லையென்றால் நாம் நினைத்தது தவறு. நல்ல திட்டம் ஒன்றின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

சட்டம் கேட்பது

இந்த ஆவணம் அமெரிக்காவில் 1975இல் வந்த ஒரு சட்டத்தில் பிறந்தது. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்து வடிவில் ஒரு திட்டம் வேண்டும், அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. ஆனால் அந்தத் திட்டம் எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் சுற்றியது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொலராடோ மாநிலத்து மாணவர் எண்ட்ரூவின் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பு அளித்தது. எண்ட்ரூவுக்கு இருந்தது ஆட்டிசம். அவனுடைய திட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ அதே இலக்குகள்தான் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன, பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்பது பெற்றோரின் முறையீடு. பெயரளவுக்குக் கொஞ்சம் முன்னேறினால் போதும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற, அதே நேரம் உண்மையிலேயே உயரமான இலக்கு வேண்டும் என்றது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. டிஸ்லெக்சியா இதில் அடங்கும். அதன் 16ஆவது பிரிவு, இத்தகைய குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் நடவடிக்கைகளை எடுப்பதையும், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் பள்ளியின் கடமையாக வைக்கிறது. சான்றிதழ் தனிக் கதை. 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி 8 வயது நிரம்பிய பிறகே அது வழங்கப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். தேர்வுச் சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவை. வகுப்பில் கற்றுக்கொடுக்கத் தொடங்குவதற்கு அது தேவையில்லை. சான்றிதழ் வரட்டும் என்று காத்திருப்பதில் ஒரு முழு ஆண்டு போய்விடுவது உண்டு.

தொடக்கப் புள்ளி

ஒரு மாதிரிக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பெயர் கயல். வயது 9, அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இவள் யாரோ ஒரு தனிக் குழந்தை அல்ல. திட்டத்தை விளக்குவதற்காக அமைத்த மாதிரி. எண்களும் அப்படியே.

முதல் வேலை கண்ணையும் காதையும் பரிசோதிப்பது. கரும்பலகை தெரியாத குழந்தைக்கு வாசிப்புத் திட்டம் எழுதிப் பயனில்லை. இரண்டும் சரியாக இருந்தால், பார்வைப் பயிற்சி, வண்ணக் கண்ணாடி போன்றவற்றின் பக்கம் போக வேண்டியதில்லை. அவை டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே அறிவித்திருக்கின்றன.

அடுத்தது கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். கயலின் அம்மா சொல்கிறார்: "கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவா டீச்சர். புத்தகத்தக் கையில குடுத்தாத்தான் தலைவலிங்கறா." இது வெறும் ஆதங்கம் அல்ல, சோதிக்கக்கூடிய தகவல். நான்காம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டி ஐந்து கேள்வி கேட்கிறார். கயல் ஐந்துக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை அவளே வாசித்தபோது ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தது என்று 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் ஓர் எளிய மாதிரியை முன்வைத்தார்கள். கயலிடம் இரண்டாவது திறன் நன்றாக இருக்கிறது. சிக்கல் முதலாவதில். காதால் கேட்டே புரியாத குழந்தையாக இருந்தால் திட்டம் முற்றிலும் வேறாக இருந்திருக்கும்.

மூன்றாவது, கலைத்த எழுத்துச் சோதனை. 216 உயிர்மெய்களில் 60ஐப் பொறுக்கி, வரிசை குலைத்து ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். கயல் 41 எழுத்துகளைச் சரியாகச் சொல்கிறாள். மீதி 19ஐ அப்படியே விட்டுவிடக் கூடாது. அவை எங்கே விழுந்தன என்று பார்க்க வேண்டும். ஒன்பது பிழைகள் கொம்பு வரும் எழுத்துகளில். ஆறு உகர, ஊகார வரிசைகளில். நான்கு மட்டுமே மற்ற இடங்களில்.

இது தற்செயல் அல்ல, நம் எழுத்தின் அமைப்பிலிருந்து வருவது. "கெ" என்று எழுதும்போது கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, அதற்குப் பிறகுதான் ககரத்தை. ஒலியிலோ ககர மெய் முதலில், எகரம் பின்னால். "கொ" என்பதில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு ஒரு சிறு சுழி. உகரத்தில் நிலைமை வேறு. ஆகாரத்துக்குத் துணைக்கால் என்ற ஒரே குறி உண்டு; உகரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைகிறது. 1978இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது; உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. ஆங்கிலப் பாடத்திட்டத்தைப் பார்த்து எழுதும் திட்டம் இந்த இடங்களைக் காணாது. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துமுறையில் எழுத்துகளைக் கற்று முடிக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். ஆகவே நான்காம் வகுப்பில் எழுத்து இன்னும் முடியாமல் இருப்பது சோம்பல் அல்ல.

நான்காவது, ஒரு நிமிட வாசிப்பு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டீனோவும் உடன் உழைத்தவர்களும் 1970களிலும் 80களிலும் வளர்த்தெடுத்த முறை இது. குழந்தை இதுவரை பார்க்காத பத்தியை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கும். சரியாக வாசித்த சொற்களை ஆசிரியர் எண்ணுவார். பத்திக்குப் பத்தி கடினம் மாறும் என்பதால் மூன்று பத்திகள் கொடுத்து நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்புத் தரப் பத்திகளில் கயல் 17, 21, 18 சொற்கள் வாசித்தாள். நடு எண் 18. நிமிடத்துக்கு 6 பிழைகள்.

இங்கே தமிழுக்கென்று மூன்று எச்சரிக்கைகள். பாடநூல் பத்தியைக் கொடுக்கக் கூடாது. நம் குழந்தைகளுக்குப் பாடம் மனப்பாடமாகியிருக்கும். சந்தேகம் வந்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இரண்டாவது, சொல்லின் நீளம். தமிழில் ஒரு சொல்லுக்கு இரண்டு எழுத்தும் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். எல்லாப் பத்திகளிலும் சொல்லுக்குச் சராசரி எழுத்து ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளாவிட்டால் வாரத்துக்கு வாரம் எண்கள் குதிக்கும். மூன்றாவது, எது பிழை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கயலின் ஊரில் பெரியவர்களே "பழம்" என்பதைப் "பளம்" என்றுதான் சொல்வார்கள் என்றால், அது உச்சரிப்பு வழக்கு. வாசிப்புப் பிழை அல்ல.

இலக்கை எழுதுவது

"வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது பல திட்டங்களில் காணப்படும் இலக்கு. இதை எந்தக் குழந்தைக்கும் எழுதலாம். நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. 1962இல் ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் கற்பித்தல் நோக்கங்களை எழுதுவது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். எந்தச் சூழலில், குழந்தை கண்ணுக்குத் தெரிகிற எதைச் செய்யும், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்ற மூன்றும் நோக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். தனிநபர் திட்டத்தில் நான்காவதாக ஒரு தேதி சேர்கிறது.

கயலின் திட்டத்தில் மூன்று இலக்குகள்:

1. வரிசை கலைத்த 60 உயிர்மெய் எழுத்துகளைக் காட்டும்போது, இரண்டு நிமிடத்துக்குள் 54ஐச் சரியாகச் சொல்வாள். (இப்போது 41. தேதி: அக்டோபர் 16.)
2. முன்பு பார்க்காத இரண்டாம் வகுப்புத் தரப் பத்தியை உரக்க வாசிக்கும்போது, ஒரு நிமிடத்தில் 42 சொற்களைச் சரியாக, 3 பிழைக்கு மேல் போகாமல் வாசிப்பாள். மூன்று பத்திகளின் நடு எண். (இப்போது 18, பிழை 6. தேதி: மார்ச் 27.)
3. அதே தரப் பத்தியைத் தானே வாசித்தபின், வாய்மொழியாகக் கேட்கும் ஐந்து கேள்விகளில் நான்குக்குச் சரியாகப் பதில் சொல்வாள். (இப்போது 2. தேதி: மார்ச் 27.)

42 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இதற்கு அட்டவணைகள் உண்டு. லின் ஃபுக்ஸ், டக்ளஸ் ஃபுக்ஸ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் நான்காம் வகுப்புக் குழந்தை வாரத்துக்கு ஏறத்தாழ 0.85 சொல் கூடுதலாக வாசிக்கும் என்று கணித்தார்கள். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. அவர்களின் சொல் வேறு, நம் சொல் வேறு. அதனால் ஆசிரியர் கயலின் வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கும் சில பிள்ளைகளை அதே பத்திகளை வாசிக்கவைத்தார். அவர்களின் நடு எண் 50. கயலுக்கும் அவர்களுக்கும் இடைவெளி 32 சொற்கள். அவர்கள் வளரும் வேகத்திலேயே கயலும் வளர்ந்தால் இந்த இடைவெளி என்றைக்கும் மூடாது. அவள் அவர்களைவிட வேகமாக வளர வேண்டும். கற்பிக்கும் வாரங்கள் 30. வாரத்துக்கு 0.8 சொல் என்று வைத்தால் 24 கூடும். 18 உடன் சேர்த்தால் 42. எட்டக்கூடியது, ஆனால் தானாக வராது.

வரைபடத் தாளில் முதல் வாரத்துக்கு முன்பான 18ஐயும் முப்பதாவது வாரத்து 42ஐயும் புள்ளியிட்டு ஒரு கோட்டால் இணைக்கிறார்கள். இதற்கு இலக்குக் கோடு என்று பெயர். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நிமிட வாசிப்பு, ஒரு புள்ளி.

பயிற்சியும் உதவியும் ஒன்றல்ல

திட்டத்தின் அடுத்த பகுதியில்தான் குழப்பம் அதிகம். கயலுக்கு இரண்டு வெவ்வேறு விஷயங்கள் தேவை. ஒன்று, வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. மற்றொன்று, அவள் வாசிக்கக் கற்றுக்கொள்ளும்வரை அறிவியலும் சமூக அறிவியலும் அவளைவிட்டு ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது.

பயிற்சி வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 30 நிமிடம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள்தான் வர முடியும். மற்ற மூன்று நாளும் வகுப்பாசிரியர், காலை முதல் பாடவேளையில், மற்ற பிள்ளைகள் பயிற்சித்தாள் செய்யும்போது. யார், எந்த நாள், எந்த நேரம் என்று பெயர் போட்டு எழுதாத பயிற்சி நடப்பதில்லை. தொடக்கத்தில் 20 நிமிடம் கொம்பு எழுத்துகளும் உகர, ஊகார எழுத்துகளும். ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று புதிய எழுத்துகளுக்கு மேல் கிடையாது. பார்த்து, உரக்கச் சொல்லி, விரலால் எழுதி, பழைய எழுத்துகளோடு கலைத்துப் பார்ப்பது. மீதி 10 நிமிடம் அந்த எழுத்துகள் வரும் சொற்கள்.

உதவிகள் நான்கு. மொழிப்பாடம் அல்லாத தேர்வுகளில் கேள்விகளை ஆசிரியர் வாசித்துக் காட்டுவார். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. முன்னறிவிப்பின்றி வகுப்பின் நடுவில் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. வாசிக்க வேண்டுமானால் முந்தைய நாளே பத்தியைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டையும் கலந்தால் இரண்டு விதமாகக் கெடும். உதவி மட்டும் இருந்தால் கயல் தேர்வில் தேறுவாள், ஐந்தாம் வகுப்பிலும் 18 சொற்களே வாசிப்பாள். பயிற்சி மட்டும் இருந்தால் வாசிப்பு ஏறும். அதற்குள் அவள் மற்ற பாடங்களில் ஓராண்டு பின்தங்கியிருப்பாள். அளவெடுக்கும் வெள்ளிக்கிழமையில் எந்த உதவியும் கிடையாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்து வாசிக்கவைத்த புள்ளி கயலின் வாசிப்பைச் சொல்லாது.

வீட்டின் பங்கு சிறியது: இரவில் 10 நிமிடம் அம்மாவோ அப்பாவோ கதை வாசித்துக் காட்டுவது. எழுத்துப் பயிற்சியை வீட்டுக்கு அனுப்பவில்லை. களைத்த குழந்தையும் களைத்த தாயும் "கெ", "கே"யில் மோதிக்கொள்வதால் யாருக்கும் நன்மை இல்லை.

ஆகஸ்ட் 14: கோடு ஏறவில்லை

மீளாய்வுத் தேதிகளைத் திட்டம் எழுதும் நாளிலேயே குறித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் வேண்டும். கயலுக்கு ஆகஸ்ட் 14 (பயிற்சி வேலை செய்கிறதா?), அக்டோபர் 16 (எழுத்து இலக்கு முடிந்ததா?), ஜனவரி 22 (ஆண்டு இலக்கு சரியான உயரத்தில் இருக்கிறதா?), மார்ச் 27 (அடுத்த ஆண்டு எங்கிருந்து தொடங்குவது?).

முதல் மீளாய்வில் ஆறு புள்ளிகள் மேசைமேல்: 18, 19, 18, 20, 19, 20. ஆறாவது வாரத்தில் இலக்குக் கோடு ஏறத்தாழ 23இல் இருக்கிறது. இந்த முறையில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிப்பதை மாற்ற வேண்டும். தொடர்ந்து நான்கு மேலே இருந்தால் இலக்கை உயர்த்த வேண்டும். ஒரு வாரப் புள்ளியை வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் காய்ச்சலோ கடினமான பத்தியோ அதை இழுத்துவிடும். கயலின் கடைசி நான்கும் கீழேதான்.

இங்கே குழந்தையைக் குறை சொல்லத் தொடங்குவது எளிது. ஒழுங்கான மீளாய்வு முதலில் வேறொன்றைக் கேட்கிறது: பயிற்சி உண்மையில் நடந்ததா? பதிவேட்டில் 24 வகுப்புகளில் 21 நடந்திருக்கின்றன. பத்துதான் நடந்திருந்தால் திட்டம் தோற்றது என்று சொல்ல உரிமை இல்லை. அது சோதிக்கப்படவே இல்லை. இங்கே சோதிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: எதிர்பார்த்தபடி மாறியது எது, மாறாதது எது? கலைத்த எழுத்துச் சோதனையில் கயல் 41இலிருந்து 52க்கு வந்துவிட்டாள். எழுத்து ஏறியிருக்கிறது, வாசிப்பு ஏறவில்லை. அப்படியானால் எழுத்து தெரியாததுதான் தடை என்று நினைத்தது பாதிதான் உண்மை.

சிறப்பாசிரியர் அவளை வாசிக்கவைத்து அருகிலிருந்து கேட்டார். "படித்துக்கொண்டிருந்தாள்" என்ற சொல்லில் பன்னிரண்டு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, எல்லாம் சரியாகச் சொன்னாள்: ப, டி, த், து, க், கொ... கடைசி எழுத்துக்கு வரும்போது தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. சேர்த்துச் சொன்னபோதும் அது என்ன சொல் என்று முகத்தில் தெரியவில்லை. அவள் வீட்டில் கேட்பது "படிச்சிட்டு இருந்தா" என்பதைத்தான். எழுத்துத் தமிழின் வினைமுற்று அவளுக்குப் பாதி அந்நியம். கண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் காதுக்குத் தெரிந்த சொல்லில் போய் முடியவில்லை.

ஆகவே புதிய கருதுகோள்: தடை இப்போது நீண்ட சொல்லைத் துண்டாகப் பார்க்க முடியாமையும், எழுத்து வழக்கின் ஈறுகள் பழகாமையும். பயிற்சியின் 30 நிமிடம் மாற்றி அடுக்கப்படுகிறது. எழுத்துக்கு 5 நிமிடம். அடுத்த 10 நிமிடம் அடிக்கடி வரும் ஈறுகளை ஒரே பார்வையில் அடையாளம் காண்பது: "-கொண்டு", "-இருந்தாள்", "-இலிருந்து", "-க்காக". "படித்து / க்கொண்டு / இருந்தாள்" என்று பென்சிலால் கோடு போட்டு, பேச்சு வடிவத்தை முதலில் சொல்லி, பிறகு எழுத்து வடிவத்தை வாசிப்பது. கடைசி 15 நிமிடம் ஒரே சிறு பத்தியை மூன்று, நான்கு முறை வாசிப்பது. ஜே சாமுவெல்ஸ் 1979இல் எழுதிப் பரவலான முறை இது. எழுத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தும் வேகம் வராத குழந்தைக்குப் பொருத்தமானது. அம்மாவின் 10 நிமிடக் கதையிலும் ஒரு சிறு மாற்றம்: புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லாமல். எழுத்து வழக்கு முதலில் காதில் விழ வேண்டும்.

ஆகஸ்ட் 14 என்ற தேதி இல்லாமலிருந்தால், எழுத்துப் பயிற்சி ஆண்டு முழுவதும் ஒழுங்காக நடந்திருக்கும். எழுத்துச் சோதனையில் அவள் 60க்கு 60 வாங்கியிருப்பாள். வாசிப்பு 20இல் நின்றிருக்கும்.

அக்டோபர், ஜனவரி, மார்ச்

அடுத்த எட்டு வாரப் புள்ளிகள்: 21, 23, 23, 25, 26, 26, 28, 29. வாரத்துக்கு ஒரு சொல்லுக்குச் சற்று மேல். பதினான்காவது வாரத்தில் இலக்குக் கோடு 29ஐத் தொடுகிறது, கயலும் தொடுகிறாள். எழுத்துச் சோதனையில் 56. முதல் இலக்கு முடிந்தது, எடுத்துவிடலாம். முடிந்த இலக்கைத் திட்டத்திலேயே வைத்திருப்பது நேரத்தை வீணாக்கும்.

ஜனவரியில், இருபத்திரண்டாவது வாரத்தில், 34. கோடு 35.6. மழை விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் எல்லாம் சேர்ந்து இழுத்திருக்கின்றன. ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் புள்ளி இரண்டு, மூன்று சொல் இறங்கியே மறுபடி ஏறுகிறது. கடைசி நான்கு புள்ளிகளில் இரண்டு கோட்டுக்கு மேல், இரண்டு கீழ். விதி மாற்றம் கேட்கவில்லை. பயிற்சி அப்படியே தொடர்கிறது. ஒன்றையும் மாற்றாமல் விடுவதும் தரவைப் பார்த்து எடுத்த முடிவுதான்.

மார்ச் 27இல் மூன்று பத்திகளின் நடு எண் 40, பிழை 2. வாசித்துப் பதில் சொல்வதில் ஐந்துக்கு நான்கு. திட்டமிட்ட 120 வகுப்புகளில் 104 நடந்தன. 52 மணி நேரப் பயிற்சி. இரண்டாவது இலக்கில் பிழையின் அளவு நிறைவேறியது, வேகம் இரண்டு சொல்லால் தவறியது. மூன்றாவது நிறைவேறியது. வகுப்புத் தோழர்களின் நடு எண் இப்போது 56. இடைவெளி 32இலிருந்து 16 ஆகியிருக்கிறது.

சரியாக வாசிப்பது ஏறியதைவிட வேகம் ஏறியது குறைவு என்பது கயலுக்கு மட்டும் உரியதல்ல. ஜோசப் டார்கெசனும் உடன் ஆய்ந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வாசிப்புக் குறைபாடு உள்ள 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் 60 பேருக்கு ஒருவருக்கு ஒருவராக 67.5 மணி நேரம் பயிற்சி அளித்தார்கள். சரியாக வாசிப்பதிலும் புரிந்துகொள்வதிலும் பெரும் முன்னேற்றம் வந்து அது நிலைத்தது. வேகம் மட்டும் பின்தங்கியே நின்றது. மற்ற பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக வாசித்துச் சேர்த்த சொற்களை இரண்டு மாதத்தில் ஈடுகட்ட முடியாது என்பது ஒரு விளக்கம். இதிலிருந்து திட்டத்துக்கு வரும் பாடம் தெளிவானது: பிழை குறைந்து புரிதல் வந்துவிட்டது என்பதற்காகக் கூடுதல் நேரத்தை நிறுத்தக் கூடாது. வேகக் குறை அவளோடு நெடுநாள் இருக்கக்கூடும். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது, ஐந்து ஆறு ஆண்டுகளின் இந்த வரைபடங்கள் அவளுக்காகப் பேசும்.

மார்ச் கூட்டத்தின் கடைசி வேலை அடுத்த ஆண்டுத் திட்டத்தின் முதல் பக்கம். கேள்விகளை வாசித்துக்காட்டும் உதவி கணக்குப் பாடத்தில் நிறுத்தப்படுகிறது. அங்கே இப்போது அவளே வாசிக்கிறாள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் தொடர்கிறது. கூடுதல் நேரம் தொடர்கிறது. பத்திகள் மூன்றாம் வகுப்புத் தரத்துக்கு ஏறுகின்றன. புதிய தரத்தில் கயலின் தொடக்க எண் 31. கருதுகோளும் புதியது: ஈறுகள் பழகிவிட்டன; இனித் தடை, அவள் போதிய அளவு வாசித்ததில்லை என்பதே. அதனால் பயிற்சியின் பெரும்பகுதி, பிழையின்றி அவளால் வாசிக்க முடிகிற எளிய கதைப் புத்தகங்களுக்குப் போகிறது. இதுவும் தவறாக இருக்கலாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே அதைச் சோதிக்கும் நாள் எழுதப்படுகிறது: ஆகஸ்ட் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை.